வகுப்பு முழுதும் கோல்பால்: முதல் நான்கு பீரியடுக்கு ஒரு வழிகாட்டி

கோல்பால் பார்வையற்றவர்களுக்கென்றே உருவான விளையாட்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக 1946-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த செப் ரைண்டிலும் இதை அமைத்தார்கள். 1976 டொரண்டோ பாராலிம்பிக் முதல் பதக்க விளையாட்டாக இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பேர். எல்லோருக்கும் கண்கட்டு. உள்ளே மணி போட்ட பந்தைத் தரையோடு உருட்டி எறிய வேண்டும். எதிரணி அந்தச் சத்தத்தைக் கேட்டு, தரையில் படுத்து, உடம்பால் தடுக்க வேண்டும். தாண்டிப் போனால் கோல். சாரம் இவ்வளவுதான்.

இதை எதற்குப் பார்வையுள்ள பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் விளையாட வேண்டும்? பல பள்ளிகளில் மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, கையில் குச்சி கொடுத்து, வராந்தாவில் நடக்க விடுகிறார்கள். பிள்ளை தூணில் முட்டும், பயப்படும், பிறகு "பாவம் சார் அவங்க" என்று சொல்லும். இந்தப் 'பாவம்'தான் சிக்கல். தானும் பார்வையற்றவரான ஏரியெல் சில்வர்மேன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணைக் கட்டிச் சிறிது நேரம் பழகிப் பார்த்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிட, பார்வையற்றவர்களால் வேலை பார்ப்பதும் தனியாக வாழ்வதும் அவ்வளவாக முடியாது என்று கணித்தார்கள். காரணம் புரியக்கூடியதே. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் யாருக்கும் எதுவும் வராது. அந்தத் தடுமாற்றத்தையே பார்வையற்றவர்களின் வாழ்நாள் முழுவதற்கும் பொருத்திப் பார்த்துவிடுகிறோம்.

கோல்பாலில் அந்தப் பத்து நிமிடத்தோடு நிற்பதில்லை. முதல் பீரியடில் பந்து எங்கே வருகிறது என்றே தெரியாத பிள்ளை, நான்காவது பீரியடில் பந்துக்கு முன்னால் போய்ப் படுத்திருக்கும். தன் காது தேறியதை அது தானே பார்க்கும். அதனால் ஒரே ஒரு நாள் நிகழ்ச்சியாக இதை நடத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கு பீரியட் ஒதுக்க முடியாவிட்டால் தொடங்காமலே இருங்கள்.

முதலில் காது கொடுத்து இடம் பாருங்கள்

முறையான ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வாலிபால் கோர்ட்டும் இதே அளவுதான். நம் பக்கத்தில் வாலிபால் கோர்ட் இல்லாத ஊர் குறைவு என்பதால் அங்கேயே ஆடலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் மண் தரையில் பந்து உருளும் சத்தம் எழும்பாது. சிறு கல்லில் பட்டுப் பந்து திசையும் மாறும். வழவழப்பான சிமென்ட் தரைதான் தேவை: பிரார்த்தனைக் கூடம், சத்துணவுக் கூடம், அகலமான வராந்தா, அல்லது ஊரில் நெல் காயப்போடும் சிமென்ட் களம். நெல் களத்தில் ஆடினால் காலையில் பள்ளியின் முதல் பீரியடிலேயே முடித்துவிடுங்கள். பத்தரை மணிக்கு மேல் நம் வெயிலில் அந்தத் தரையில் கை வைக்க முடியாது.

இடத்தைத் தேர்ந்ததும் தரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் ஆடப்போகும் அதே மணி நேரத்தில் அங்கே போய், கண்ணை மூடி இரண்டு நிமிடம் நில்லுங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற காற்றில் திறந்த வெளியில் ஆடவே முடியாது. காதில் காற்று விழுந்தால் பந்து விழாது. தகரக் கூரை போட்ட கூடமென்றால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒன்றும் கேட்காது. கோயில் கொடை நடக்கும் வாரத்தில் ஒலிபெருக்கி ஓயாது. தை முதல் பங்குனி வரை, காலை நேரம், இதற்குத் தோது.

கூடத்துக்குள் ஆடும்போது எதிரொலியையும் பார்க்க வேண்டும். ஒருமுறை கை தட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. 'ங்' என்று இழுத்துக்கொண்டு நின்றால், பிள்ளைகளுக்குப் பந்து எதிரே வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்றே குழம்பும். பின்சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டால் ஓரளவு குறையும். ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் ஓடும்போதும் நின்ற பிறகும் பந்தை உருட்டிக் காட்டினால், அது எவ்வளவு மறைத்துக்கொண்டிருந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பந்து

முறையான கோல்பால் பந்து 1.25 கிலோ எடை, சுற்றளவு ஏறக்குறைய 76 சென்டிமீட்டர். கெட்டி ரப்பர், உள்ளே மணிகள், சத்தம் வெளியே வர எட்டு ஓட்டைகள். கிடைத்தால் பெரிய வகுப்புக்கு நல்லது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தில் பட்டால் அந்த எடை அதிகம் என்பதால் நாமே செய்த இலேசான பந்தில் தொடங்குவதே சரி.

எளிய வழி இது. பழைய ரப்பர் பாஸ்கட்பாலை எடுத்து, பெட்ஷீட் வாங்கும்போது வருகிற மொடமொடப்பான கவருக்குள் போட்டு, காற்றில்லாமல் இறுக்கிச் சுற்றி, முடிச்சைத் தட்டையாக்கி டேப் ஒட்டுங்கள். முடிச்சு புடைத்து நின்றால் பந்து துள்ளித் துள்ளிப் போகும். உருளும்போது கவர் சரசரவென்று நன்றாகவே கேட்கும். இழைய இழையக் கிழியும் என்பதால் மாற்றுக் கவர் இரண்டு கையில் இருக்கட்டும்.

இன்னும் நன்றாக வேண்டுமென்றால், உள்ளே தனி பிளாடர் இல்லாத, ஒரே வார்ப்பான ரப்பர் பந்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, ஏழெட்டுச் சலங்கை மணிகளை உள்ளே விட்டு, சைக்கிள் பஞ்சர் கடையில் பட்டை போட்டு, பாதிக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். காற்று குறைவாக இருந்தால்தான் பந்து துள்ளாமல் தரையோடு போகும்.

எந்தப் பந்தாக இருந்தாலும் ஒரே சோதனைதான். நீங்கள் கண்ணை மூடி நில்லுங்கள். ஒருவர் 12 மீட்டர் தள்ளியிருந்து மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில் உருட்டட்டும். பந்து பாதி தூரம் வருவதற்குள் அது வரும் பக்கத்தைக் கையால் காட்ட முடிந்தால் பந்து தேறிவிட்டது. மிக மெதுவாக உருட்டினால் எந்தப் பந்தும் சரியாகக் கேட்காது. அது பந்தின் குறையில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதையே உத்தியாகப் பயன்படுத்துகிறார்கள்.

கண்கட்டு

போட்டிகளில் எல்லோரும் ஒளி புகாத கண்மறைப்பு அணிகிறார்கள். ஓரளவு பார்வை உள்ளவர், முற்றிலும் இல்லாதவர் என்று ஆட்டக்காரர்களிடையே வித்தியாசம் இருப்பதால், எல்லோரையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. வகுப்புக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு கெட்டியான கறுப்புப் பருத்தித் துணி கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் துணியை இன்னொருவர் கட்டவே கூடாது. மெட்ராஸ் ஐ ஒருவருக்கு இருந்தால் துணி வழியாக மற்றவர்களுக்கும் பரவிவிடும். ஒரு பிள்ளையின் கண் சிவந்திருந்தாலோ நீர் வடிந்தாலோ அன்று கண்கட்டு வேண்டாம், வேறு வேலை கொடுக்கலாம்.

துணியைக் கட்டினால் மூக்கின் இரண்டு பக்கமும் சிறு இடைவெளி விழும். வெளிச்சம் நுழைவது அங்கேதான். கண் மேல் பஞ்சை மடித்து வைத்து அதன்மேல் கட்டினால் அடைபடும். யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எளிது: முகவாய் மேலே தூக்கியிருக்கும். காதால் கேட்கிற பிள்ளையின் தலை நேராகவோ சற்றுக் குனிந்தோ இருக்கும். எட்டிப் பார்த்த பிள்ளையைத் திட்ட வேண்டாம், பஞ்சைச் சரிசெய்தால் போதும். பார்த்துக்கொண்டே ஆடுகிற பிள்ளை அநேகமாக மோசமாகவே தடுக்கும். அந்தச் சின்ன இடுக்கில் பந்து தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் அறுவை செய்த பிள்ளை, விழித்திரைக் கோளாறோ கண்ணழுத்த நோயோ உள்ள பிள்ளை, மிக அதிகக் கிட்டப்பார்வை உள்ள பிள்ளை ஆகியோர் கண் மருத்துவரைக் கேட்காமல் களத்தில் இறங்கக் கூடாது. முகத்தில் பந்து படுவது அவர்களுக்கு உண்மையான ஆபத்து. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள்; கண்ணைத் தானே மூடிக்கொண்டு தொடங்கட்டும்.

கோடு

வகுப்புக்கு 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை கையை நீட்டிப் பக்கவாட்டில் படுத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டரை மறைக்கும். மூன்று பேர் படுத்தால் ஆறு மீட்டர். 9 மீட்டர் விட்டால் இடைவெளி விழுந்து கோல் மழையாகிவிடும். தடுத்த மகிழ்ச்சியே யாருக்கும் கிடைக்காது.

கோட்டைக் கையும் காலும் உணர வேண்டும். மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள நூல் கயிற்றைத் தரையில் நீட்டி, மேலே அகல டேப்பை ஒட்டினால் தடவும்போது மேடு தெரியும். முறையான களத்திலும் இப்படித்தான். தூசி இருந்தால் டேப் ஒட்டாது; ஈரத் துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். கோல் கோடு இரண்டு, அவற்றுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி ஒவ்வொரு முன்கோடு, பிறகு மூவரும் நிற்கும் இடத்தில் கைச் சாண் நீளத்துக்கு ஓர் அடையாளம். கோல் கோட்டுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். தூண், பெஞ்ச், அண்டா எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சிமென்ட் தரையில் பாய்ந்து விழக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்பவர் பகுதியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, நான்கு ஓரமும் தரையோடு டேப் போட்டு ஒட்டலாம். கோரைப்பாய் மட்டும் வேண்டாம். சிமென்ட் மேல் அது வழுக்கும். விரிப்பு எதுவானாலும் நீங்களே மேலே ஏறிப் பக்கவாட்டில் காலால் தள்ளிப் பாருங்கள்; நகர்ந்தால் எடுத்துவிடுங்கள். முழங்காலுக்கும் முழங்கைக்கும் துணி சுற்றிக்கொள்வது நல்லது. பெண் பிள்ளைகள் சுடிதார் துப்பட்டாவை வைத்துவிட்டு வரட்டும்.

முதல் பீரியட்: கேட்பது மட்டும்

இன்று கோல் கிடையாது. ஆறு ஆறு பேராக வரிசையில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுங்கள். எட்டு மீட்டர் தள்ளி நின்று பந்தை உருட்டுங்கள். பந்து நின்ற பிறகு எல்லோரும் அது நிற்கும் இடத்தைக் கையால் காட்ட வேண்டும். பிறகு கண்கட்டைத் தூக்கிப் பார்க்கட்டும். ஒருவர் கை கிழக்கே, ஒருவர் கை மேற்கே என்றுதான் முதலில் இருக்கும்.

இங்கே கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மூக்கைச் சத்தத்துக்கு நேராக வை. மனிதக் காது நேர் எதிரே வரும் சத்தத்தைத்தான் மிகத் துல்லியமாக இடம் பிரிக்கும். பக்கவாட்டில் அந்தத் துல்லியம் குறைந்துவிடும். பிள்ளைகள் 'நன்றாகக் கேட்கும்' என்று நினைத்து ஒரு காதைப் பந்துப் பக்கம் திருப்புவார்கள். அப்படித் திருப்பினால் சத்தம் பலமாக விழும், இடம் தவறும். தலையை நேராக்கிய பிறகு அதே பிள்ளையின் கை எவ்வளவு நெருங்கி வருகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும்.

அடுத்து, நடுவில் பந்தை நிறுத்திவிட்டு ஐந்து நொடி சும்மா இருங்கள். "சார், பந்து எங்க?" என்று கேள்வி வரும். நின்ற பந்து, அந்த ஆட்டத்தில், இல்லாத பந்து. வகுப்பறையில் சத்தமில்லாமல் நடுவழியில் வைத்த புத்தகப் பையும், பாதி திறந்த கதவும் அப்படித்தான் என்பதை இந்த இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். நீளமாகப் பேசத் தேவையில்லை.

இரண்டாம் பீரியட்: எறிவதும் தடுப்பதும்

எறிவது கீழ்க்கையால் மட்டும். ஒரு காலை முன்வைத்துக் குனிந்து, பந்து தரையைத் தொடும் உயரத்தில் கையை விட வேண்டும். காற்றில் பறக்கும் பந்து சத்தம் போடாது, ஆகவே அதைத் தடுக்க எதிரணிக்கு வழியே இல்லை. முறையான ஆட்டத்தில் எறிந்தவரின் பக்கத்திலேயே பந்து தரையைத் தொட்டாக வேண்டும், நடுப்பகுதியிலும் ஒருமுறையாவது தொட வேண்டும் என்றெல்லாம் விதி இருப்பது இதற்காகத்தான். வகுப்பில் 'முன்கோட்டைத் தாண்டுவதற்குள் தரையைத் தொட வேண்டும்' என்ற ஒரே விதி போதும்.

தடுக்க, குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். சத்தம் வலப்பக்கம் வந்தால் வலப்பக்கமாகச் சரிந்து, கையை நீட்டி, காலை நீட்டிப் படுக்க வேண்டும். முகத்தை மேல்கைக்குப் பின்னால் சற்றுப் பின்தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயிற்றில் படும் பந்து எகிறாமல் நின்றுவிடும். நீட்டிய கையில் மட்டும் பட்டால் மேலே ஏறிக் கோலுக்குள் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகள் காலை மடக்கிவிடுவார்கள், அந்த இடுக்கில்தான் பந்து நுழையும்.

இந்தப் பீரியடில் வேடிக்கையாக ஒன்று நடக்கும். தடுத்து, புரண்டு, எழுந்து, பந்தை எடுத்த பிள்ளை மிக உறுதியோடு தன் பின்சுவரைப் பார்த்து எறியும். படுத்து எழும்போது உடம்பு திரும்பியிருக்கும். திரும்பியது அதற்குத் தெரியாது. இதற்குப் பார்வையுள்ள நண்பன் "ஏல, அங்கன இல்லல, திரும்பு" என்று கத்துவது தீர்வாகாது. எழுந்ததும் காலால் கோல் கோட்டைத் தேடு, கோட்டை முதுகுக்குப் பின்னால் விடு, பிறகு எறி: இந்த மூன்றையும் பழக்குங்கள். ஒரு பீரியட் பழகினாலே தன் கோலில் எறிவது அநேகமாக நின்றுவிடும். தரையில் ஒரு மேடு இருந்தால் யாரும் கையைப் பிடித்துத் திருப்ப வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் காலாலேயே தெரிந்துகொள்வார்கள். ரயில் நிலைய நடைமேடை ஓரத்தில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் எதற்கு என்று அப்புறம் நீங்கள் கேட்டால் பதில் அவர்களிடமிருந்தே வரும்.

மூவரும் பேசிக்கொள்ள வேண்டும். 'நடு', 'வலது', 'இடது' என்று தன் இடத்தின் பெயரையே சொல்லட்டும். பந்து வேண்டுமென்றால் உள்ளங்கையால் தரையை இரண்டு தட்டு. எதிரணி எறியத் தொடங்கியதும் எல்லோரும் மௌனம்.

மூன்றாம் பீரியட்: 36 பேரும் ஆட

இரண்டு களம் போட்டால் எல்லோரும் சீக்கிரம் ஆடிவிடலாமே என்று நினைக்காதீர்கள். ஒரு களத்தின் சத்தம் மற்றதைக் கெடுக்கும். ஒரே களம்தான். 36 பேரை ஆறு ஆறு பேராக ஆறு அணியாக்குங்கள். ஒரு ஆட்டம் எட்டு நிமிடம்: முதல் நான்கு நிமிடம் அணியில் மூவர், அடுத்த நான்கில் மற்ற மூவர். மூன்று ஆட்டத்தில் 24 நிமிடத்துக்குள் எல்லோரும் ஆடிவிடுவார்கள். இடையில் மாறுவதற்கு ஏழெட்டு நிமிடம் போனாலும் 45 நிமிடத்தில் அடங்கும்.

ஆடாத 24 பேரில் ஆறு பேருக்கு வேலை. இரண்டு பேர் கோல் கோட்டருகே நின்று பந்து தாண்டியதா என்று கையைத் தூக்குவார்கள். வெளியே போன பந்தைத் திருப்பித் தருவதும் அவர்கள்தான். ஒருவர் பத்து நொடி எண்ணுவார், ஏனென்றால் பந்து கைக்கு வந்த பத்து நொடிக்குள் திருப்பி எறிய வேண்டும். ஒருவர் கணக்கு. இரண்டு பேர் ஒரு தாளில் களத்தை வரைந்து, கோல் எந்த இடத்தில் புகுந்தது என்று புள்ளி வைப்பார்கள். இந்தத் தாளை மறந்துவிடாதீர்கள், பிற்பாடு அதுதான் பேசும்.

மீதிப் பதினெட்டுப் பேரின் வேலை மௌனம். ஆசிரியர் "அமைதி" என்று சொல்லி, கூடம் அடங்கிய பிறகே "ஆடு" என்கிறார். கோல் விழுந்ததும் கத்தலாம், கைதட்டலாம், மறுபடி "அமைதி". பாராலிம்பிக்கிலும் பெரிய அரங்கத்தை இப்படித்தான் அடக்கிவைக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு இது பந்தைத் தடுப்பதைவிடக் கடினம். பந்து தன் தோழியின் வலப்பக்கம் போவது கண்ணுக்குத் தெரிகிறது, வாய் தானாகத் திறக்கிறது: "வலது! வலது!" அந்தக் குரல் பந்தின் சத்தத்தை மறைத்துவிடுகிறது, தோழி எந்தப் பக்கமும் அசையாமல் நிற்கிறாள், கோல் விழுகிறது. அப்போது ஆட்டத்தை நிறுத்தி, கத்தியவரிடம் எதுவும் சொல்லாமல், களத்தில் இருந்தவளிடம் "என்ன கேட்டது?" என்று கேளுங்கள். "ஆளுங்க சத்தம்தான் சார் கேட்டுச்சு, பந்து கேக்கல" என்பாள். சாலையைக் கடக்க நிற்கும் பார்வையற்றவரிடம் நான்கு பேர் ஒரே சமயத்தில் "இங்கன வாங்க, அங்கன போங்க" என்று கத்தினால் அவர் காதில் லாரி விழாது என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு எட்டாம் வகுப்போடு சத்துணவுக் கூடத்தில் ஆடிய ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். களம் வடக்கு தெற்காக; சமையலறை கிழக்கே. முதல் ஆட்டத்தின் முதல் பாதி முடிந்ததும் தாளைப் பார்த்தோம். வடக்கு அணிக்கு விழுந்த கோல்களில் பெரும்பகுதி இடது ஓரத்தில். இடது பக்கம் நின்ற பிள்ளைக்குச் சரியாக வரவில்லை என்று அணியினர் முடிவுகட்டி, வேறு பிள்ளையை அங்கே நிறுத்தச் சொன்னார்கள். சரி, ஆளை மாற்றாமல் பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று இரண்டு அணியையும் முனை மாற்றி நிறுத்தி, அதே மூவரை இரண்டு நிமிடம் ஆடவிட்டேன். இப்போது வடக்கே வந்த அணிக்கும் இடது ஓரத்தில்தான் கோல் விழுந்தது. தெற்கே போனவர்களுக்கு வலது ஓரத்தில். முன்பு 'சரியாக வராத' பிள்ளை இப்போது மேற்குப் பக்கம் நின்று இரண்டு பந்தைத் தடுத்திருந்தாள்.

வடக்கே நின்று தெற்கு பார்ப்பவருக்குக் கிழக்கு இடதுகைப் பக்கம், தெற்கே நின்று வடக்கு பார்ப்பவருக்கு அது வலதுகைப் பக்கம். தாளில் புள்ளிகள் எல்லாம் கிழக்கு ஓரத்தில் குவிந்திருப்பதைக் கண்டுபிடித்தது புள்ளி வைத்த பையன்தான். அங்கே என்ன இருக்கிறது? சமையலறை. அரிசி களைவதும் அண்டாவில் கரண்டி படுவதும் அந்தப் பக்கத்துப் பந்தை மறைத்துக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் சமையல் தொடங்குவதற்கு முன்பே ஆட்டத்தை வைத்தோம், கோல்கள் களம் முழுக்கச் சிதறின. பிள்ளையிடம் இருப்பதாக நினைத்த குறை இடத்தில் இருந்தது. பார்வைக் குறைபாடு பற்றி நான் வகுப்பில் சொல்ல நினைத்ததில் பாதியை அந்தத் தாள் சொல்லிவிட்டது.

நான்காம் பீரியட்

முதல் பீரியடில் செய்த அதே சோதனையோடு தொடங்குங்கள்: ஆறு பேர் வரிசை, எட்டு மீட்டர், கையால் காட்டுவது. கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் நீளும். "நான்கு பீரியடில் இவ்வளவு வந்தால், பிறந்ததிலிருந்து பழகியவருக்கு எவ்வளவு வந்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் பீரியடுக்கு, முடிந்தால், பார்வையற்ற ஒருவரைப் பயிற்சியாளராக அழையுங்கள். பாளையங்கோட்டையில் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பார்வையற்றோர் பள்ளி இயங்கி வருகிறது. அங்கே படித்தவர்கள் மாவட்டமெங்கும் வேலையில் இருக்கிறார்கள். உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கேட்டாலும் வழி கிடைக்கும். வருகிறவரைத் தன் கதையைச் சொல்லி உருக்கச் சொல்லாதீர்கள். தடுப்பவர் எங்கே தவறுகிறார் என்று சொல்லித்தர அழையுங்கள், பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் முன்பே பேசிவிடுங்கள். கோல்பால் அவருக்குப் பழக்கமில்லாமலும் இருக்கலாம். பார்வையற்ற எல்லோரும் ஆடுகிற விளையாட்டில்லை இது. அப்படியானால் மணிப்பந்து கிரிக்கெட்டோ வேறு எதுவோ அவர் ஆடியதைக் காட்டட்டும்.

உங்கள் வகுப்பிலேயே பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், முதல் பீரியடுக்கு முன்பே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "இவனைப் பாருங்கள்" என்று எடுத்துக்காட்டாக நிறுத்துவதும், "உனக்குத்தான் இது நல்லா வரும்ல" என்று சொல்வதும் வேண்டாம். குறைப்பார்வை உள்ள பிள்ளை மீதியிருக்கும் பார்வையை நம்பியே வாழ்கிறது. அதையும் கட்டிவிட்டால் மற்றவர்களைப் போலவே முதலில் தடுமாறலாம். அவன் எந்த இடத்தில் நிற்க விரும்புகிறான், மற்றவர்களிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

கடைசிப் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து, நம் வகுப்பறையில் எதை மாற்றலாம் என்று எழுதச் சொல்லுங்கள். 'எப்படி இருந்தது' என்று கேட்டால் 'கஷ்டமா இருந்துச்சு' என்பதோடு நின்றுவிடும். 'ஆட்டத்தில் எது உதவியது, அது வகுப்பில் இருக்கிறதா' என்று கேட்டால் பட்டியல் வரும். பேசுமுன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. கதவை முழுதாகத் திறப்பது அல்லது முழுதாக மூடுவது. பையை மேசைக்கு அடியில் தள்ளுவது. கையைப் பிடித்து இழுக்காமல் "என் முழங்கையைப் பிடிச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்பது. ஆசிரியர்கள் பலகையில் எழுதும்போது எழுதுவதை வாயாலும் சொல்வது. இந்தக் கடைசி ஒன்றைப் பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் அன்றே தொடங்கிவிடுங்கள். "இதை இங்கே போட்டால் அது வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவது கடைசிப் பெஞ்சுக்குக் கேட்டாலும் விளங்காது. "எக்ஸ் சமம் ஏழு" என்று சொன்னால் விளங்கும்.

பட்டியலைச் சுவரில் ஒட்டி, ஒரு மாதம் கழித்து அதே பிள்ளைகளை வைத்தே எது நடக்கிறது, எது நின்றுவிட்டது என்று பார்த்துக் குறியுங்கள். நின்றுபோனது அநேகமாகக் கதவாக இருக்கும். அதற்கு ஒரு கொக்கி போட்டுவிடலாம்.